கனிவக்காவின் ஆறாவது மின்னஞ்சல்

கனிவக்கா என்று அவளுக்குப் பட்டம் வைத்தது எங்கள் பணிப்பெண்கள். கனிவுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் அனுப்பும் மின்னஞ்சல்கள் ‘கனிவான நினைவூட்டல்’ என்று தொடங்கும். படித்தவர்களுக்கு அன்றைய சாப்பாடு இறங்காது.

பதினான்கு படுக்கைகள் கொண்ட ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் தலைமை நர்ஸாக இருந்தேன். அவள் அங்கே அலுவலக எழுத்தர். மருந்துக்கடை, சலவைக்கடை, குழாய் ரிப்பேர், படுக்கை விரிப்பு என்று எது வராவிட்டாலும் விரட்டிப் பிடிப்பது அவள் வேலை. ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன் ஒரு கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவள். அங்கே குரலை உயர்த்தினால் வேலை போய்விடும். அதனால் குரலை உயர்த்தாமலே கடிக்கக் கற்றுக்கொண்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். ஃபிரிட்ஜ் கதவில் புருஷனுக்குச் சீட்டு ஒட்டுவாள்: ‘இந்தக் கதவு தானாக மூடிக்கொள்ளாது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.’ அவர் அதன் கீழே ‘பார்த்தேன்’ என்று எழுதிவிட்டுக் கதவைத் திறந்தபடி போட்டுவிட்டுப் போவார். இருபத்தைந்து வருடத் தாம்பத்தியம் அந்தக் கதவிலேயே நடந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் தூக்கி நின்றுபோனது. தூக்கி என்றால், எழுந்திருக்க முடியாதவர்களைப் படுக்கையிலிருந்து தொட்டில் மாதிரி தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும் இயந்திரம். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதன் கையை உயர்த்தும் மோட்டார் புகைந்து அடங்கியது. நல்லவேளை, தொங்கிக்கொண்டிருந்தவர் படுக்கையில் இறங்கிய பிறகு.

இறங்கியவர் டிரைவர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் போனது, வாய் மட்டும் ஓவர்டைமில் ஓடியது. நூற்றுப் பன்னிரண்டு கிலோ. கையால் தூக்கினால் அவருக்கும் ஆபத்து, என் பணிப்பெண்களின் முதுகுக்கும் ஆபத்து. நான் அனுமதிக்கவில்லை. தினமும் பத்தரைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே இருந்த நிறுத்தத்தில் பஸ்ஸைக் கோணலாக நிறுத்துகிறவர்களைத் திட்டுவதுதான் அவருக்கு இருந்த ஒரே வேலை. அது போயிற்று.

“என்ன சிஸ்டர், என்னை டிப்போவுலயே போட்டுட்டீங்க?” என்றார்.

“பார்ட்ஸ் வரணும். பொறுங்க.”

“எனக்கும் பார்ட்ஸ்தான் போச்சு. யாராவது ஆர்டர் போட்டீங்களா?”

கனிவக்கா அன்றே எழுதினாள். இயந்திரத்தை விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பதிவுக் குரல் ‘மின்னஞ்சல் அனுப்பவும்’ என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடும். வேறு வழி கிடையாது. அங்கே சர்வீஸ் பிரிவில் ஒரே ஒருவர்தான் எல்லா மின்னஞ்சலையும் பார்ப்பவர். முகம் தெரியாது. பதிலும் வரவில்லை.

வியாழக்கிழமை இரண்டாவது போயிற்று: ‘கனிவான நினைவூட்டல். பணிச்சுமையில் என் மின்னஞ்சல் தங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.’ அடுத்த திங்கள் மூன்றாவது: ‘முந்தைய மின்னஞ்சலில் ஏற்கெனவே தெளிவாகக் குறிப்பிட்டபடி, வேண்டிய விவரங்கள் அனைத்தும் தங்களிடம் உள்ளன.’ புதன்கிழமை நான்காவது: ‘மீண்டும் எழுத நேர்வதற்கு வருந்துகிறேன். தங்கள் வசதிக்காகத் தங்கள் மேலாளரையும் இதில் சேர்த்துள்ளேன். தங்கள் உடனடி நடவடிக்கைக்கு முன்கூட்டியே நன்றி.’

“எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கேன் பாருங்க சிஸ்டர்,” என்று என்னிடம் காட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிடுகிற மாதிரி இருந்தது. எனக்கு வேறு வேலை இருந்தது. வார்டுக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை டிரைவரைப் புரட்டும்போது அவருடைய வால் எலும்பின் மேல் ஒரு சிவப்பைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிக்கொண்டுதான் இருந்தோம், காற்று மெத்தையும் போட்டிருந்தோம். ஆனாலும் பதினோரு நாள் எழாத உடம்பு. தோல் கிழிந்தால் புண், புண் ஆழமானால் மாதக்கணக்கு. அந்த வயதில் சிலர் அதிலிருந்து மீளுவதில்லை. வாடகைத் தூக்கிக்கும் கேட்டுப் பார்த்தோம். அவர்களிடம் உடனே எதுவும் இல்லை.

அலுவலக அறைக்குப் போய்ச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. டிரைவர் அவளுடன் தினமும் சண்டை போடுகிறவர். அதனால் அவர்மேல் அவளுக்குப் பிரியம்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது போயிற்று. ‘எளிதாக இருக்கட்டும் என்று விவரங்களை மறுபடி இணைத்துள்ளேன்.’ பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு என் அறைக்கு ஓடிவந்தாள்.

“சிஸ்டர், நான் செத்தேன்.”

“நாடி இருக்கு. உட்காரு.”

நடந்தது இதுதான். அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு ரகசியப் பட்டியல் இருந்தது. இடது பத்தி ‘மனசில்’, வலது பத்தி ‘கடிதத்தில்’. மனசில் தோன்றுவதைக் கொட்டி, பக்கத்தில் அதன் மரியாதை வடிவத்தை எழுதி வைத்திருந்தாள். எங்கள் மேலாளர் எல்லா ஃபைலையும் துழாவுகிறவர். அதனால் யாரும் திறக்காத சலிப்பான பெயராகப் பார்த்து அதற்கு ‘தூக்கி விவரம் 2’ என்று பெயர் வைத்திருந்தாள். அதைத்தான் இணைத்து அனுப்பியிருந்தாள்.

சர்வீஸ்காரர் அதில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்து, ‘எனக்குக் கேட்பது’ என்று தலைப்பிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்.

அவள் மனசில்: தூங்குறியா? கடிதத்தில்: தங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அவருக்குக் கேட்பது: தூங்குறியா?

மனசில்: படிக்கத் தெரியுமா? கடிதத்தில்: ஏற்கெனவே தெளிவாகக் குறிப்பிட்டபடி. கேட்பது: படிக்கத் தெரியுமா?

மனசில்: உன் முதலாளிகிட்ட போட்டுக் குடுக்குறேன். கடிதத்தில்: தங்கள் வசதிக்காக. கேட்பது: போட்டுக் குடுக்குறேன்; உன் வசதிக்காக!

‘முன்கூட்டியே நன்றி’க்கு மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்: செய்றேன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே.

அடியில் நாலு வரி. ‘அம்மா, முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும் ஒன்றுதான். நடுவில் ஒன்றை எதற்கு வைத்திருக்கிறீர்கள்? உங்கள் முதல் மின்னஞ்சலில் இணைப்பு எதுவும் வரவில்லை. தகட்டில் உள்ள வரிசை எண் இல்லாமல் எந்த மோட்டார் என்று எனக்குத் தெரியாது. அன்றே கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது கடிதத்தைப் பார்த்ததும் கேட்கப் பிடிக்கவில்லை. அது என் தவறு.’

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு அழுகை வந்தது.

“இணைக்கவே இல்லையா நான்?”

“அனுப்பினதைத் திறந்து பார்.”

பார்த்தாள். இணைப்பு இல்லை. பன்னிரண்டு நாளாக, காலியான ஒரு கடிதத்தைக் காட்டி ‘அதில் தெளிவாக இருக்கிறது’ என்று அடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கடிதத்திலாவது அந்த எண்ணைத் தட்டியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். சுட்டிக்காட்டும் சந்தோஷத்துக்காக அதை விட்டுவிட்டாள்.

“முதல்ல மன்னிப்புக் கேட்டு எழுதுறேன்,” என்று மேஜைக்குப் போனாள். எழுதிக் காட்டினாள்: ‘தங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.’

“பட்டிருந்தாலா? பட்டுச்சுன்னு அவரே மூணாவது பத்தி போட்டு எழுதியிருக்காரு.”

அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்: ‘தங்களுக்குத் தவறாகப் புரிந்திருக்கலாம்.’

“அவருக்குச் சரியாத்தான் புரிஞ்சிருக்கு.”

“பின்ன எப்படித்தான் எழுதுறது? கால்ல விழவா? தப்பு அவர் மேலயும் இருக்கு!”

“விழச் சொல்லல. நாங்க பதிவேடு எழுதுற மாதிரி எழுது.”

பதிவேடு என்றால் அவளுக்குத் தெரியும். டைப் செய்து கோப்பில் போடுகிறவள் அவள்தான். ‘டிரைவர் பிடிவாதம் பிடிக்கிறார்’ என்று ஒரு பணிப்பெண் எழுதினால் நான் கிழித்துப் போடுவேன். ‘எட்டு மணிக்குக் கஞ்சி மூன்று கரண்டி குடித்தார், நான்காவதை வேண்டாம் என்றார், வாய் வலிக்கிறது என்றார்’ என்றுதான் எழுத வேண்டும். பார்த்தது, நேரம், அடுத்து என்ன. ஆளைப் பற்றி நம் அபிப்பிராயம் கிடையாது. பிடிவாதம் என்று எழுதினால் அடுத்த ஷிஃப்ட்காரி அவரோடு மல்லுக்கு நிற்பாள். வாய் வலி என்று எழுதினால் வாயைத் திறந்து பார்ப்பாள்.

அவள் எழுதியதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். நான் தூக்கியிடம் போய்த் தகட்டைத் துடைத்து வரிசை எண்ணைப் படம் பிடித்து வந்தேன். திரும்பி வந்தபோது ஆறாவது தயாராக இருந்தது.

‘ஐயா, அந்தப் பட்டியல் நான் எழுதியதுதான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். முதல் மின்னஞ்சலில் இணைக்கத் தவறியதும் நான்தான்.

எங்கள் தூக்கியின் மோட்டார் சென்ற வாரம் திங்கட்கிழமை நின்றுவிட்டது. வரிசை எண் கீழே இருக்கிறது, தகட்டின் படம் இணைப்பில். இந்த இயந்திரம் இல்லாமல் ஒருவர் பன்னிரண்டு நாளாகப் படுக்கையில் இருக்கிறார். அவருக்குப் படுக்கைப் புண் தொடங்கும் அறிகுறி நேற்றுத் தெரிந்தது.

மோட்டார் செவ்வாய்க்குள் கிடைக்குமா என்று இன்று நான்கு மணிக்குள் சொல்ல முடியுமா? முடியாது என்றாலும் அதையே சொல்லுங்கள், வேறு ஏற்பாடு பார்க்க வேண்டும். இந்தப் பதிலை உங்கள் மேலாளருக்கு அனுப்பவில்லை.’

“அவ்வளவுதானா? மொட்டையா இருக்கே சிஸ்டர். ஒரு ‘கனிவான’ போடட்டுமா?”

“போட்டா கையை உடைப்பேன்.”

“கெஞ்சுற மாதிரியும் இல்ல, மிரட்டுற மாதிரியும் இல்ல.”

“நாலு மணின்னு இருக்குல்ல? அது போதும்.”

இணைப்பை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டு அனுப்பினாள். இரண்டரைக்குப் பதில் வந்தது. ‘எங்கள் கிடங்கில் ஒன்று இருக்கிறது. திங்கள் காலை நானே கொண்டுவந்து பொருத்துகிறேன். அதுவரை கழற்ற வேண்டாம்.’

இரண்டு நாளும் டிரைவரை மணிக்கு ஒரு தரம் புரட்டினோம். “பஸ்ஸுல டயரைக்கூட இவ்வளவு மாத்த மாட்டாங்க,” என்றார்.

திங்கட்கிழமை வந்தவர் ஒல்லியான, கூச்சப்பட்ட மனிதர். நாற்பது வயது இருக்கும். கனிவக்காவைப் பார்த்து, “நீங்கதானா அது?” என்றார். “நீங்கதானா அது?” என்றாள் அவளும். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் நான்காவது பத்தி வந்திருக்கும். அவர் ஒன்றரை மணி நேரத்தில் மோட்டாரை மாற்றி, மணல் மூட்டையை வைத்து மூன்று முறை தூக்கி இறக்கிக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

டிரைவருக்குத் தொட்டில் துணியை மாட்டினோம். மோட்டார் சத்தமில்லாமல் ஏறியது. அவர் காற்றில் தொங்கிக்கொண்டே, “சிஸ்டர், வண்டி நல்லா இருக்கு. ஹார்ன் எங்க?” என்றார். துணி மாட்டப் புரட்டியபோதே வால் எலும்பைப் பார்த்திருந்தேன். தோல் கிழியவில்லை. சிவப்பு குறைந்திருந்தது, அழுத்தினால் வெளுத்தது. நாற்காலியில் இறக்கி ஜன்னலுக்குத் தள்ளினேன். எதிரே ஒரு பஸ் கோணலாக வந்து நின்றது. அவர் வாயைத் திறந்தார். அதன்பிறகு வந்த சொற்களை இங்கே எழுத முடியாது.

அலுவலக அறையில் கனிவக்கா சர்வீஸ்காரருக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தேன். ‘ஒருவழியாக மோட்டார் பொருத்தப்பட்டது. நோயாளி இன்று பன்னிரண்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நன்றி.’

‘ஒருவழியாக’ என்பதில் அவள் கண் நின்றது. உதட்டைக் கடித்தாள். அந்தச் சொல்லை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது என்று தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மீதியை அனுப்பினாள். அனுப்பியாயிற்று என்று உறுதியான பிறகு, திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள்:

“ஒருவழியா!”

அதை நான் பதிவேட்டில் எழுதவில்லை.