அறுபத்து மூன்று நொடிக்கு எத்தனை வார்த்தை

கோவில்பட்டியில் பதினோரு வருஷமாக எந்தக் கடை திறந்தாலும், எந்த நகைச்சீட்டு தொடங்கினாலும், விளம்பரத்தில் கேட்கும் பெண்குரல் சாஜிதாவுடையது. ஊருக்கு அவள் முகம் அவ்வளவாகத் தெரியாது. மளிகைக் கடையில் நின்று “அரைக்கிலோ துவரம்பருப்பு” என்றால் மட்டும் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எட்டயபுரம் சாலையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது அப்துல் நாசரின் ஒலிப்பதிவுக் கூடம். விளம்பரம், திருமண வீடியோ, பள்ளி ஆண்டு விழா என்று எல்லா வேலையும் அங்கே வரும். படத்தொகுப்பு காளீஸ்வரன். எழுதுவதும் வாசிப்பதும் சாஜிதா. வெறும் குரல் மட்டும் இல்லை அவளிடம். ஒரு படத்தை இரண்டு தரம் பார்த்தால் போதும், எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுவாள். முப்பது நொடி என்றால் முப்பது நொடியில் முடியும். “சாஜிதா எழுதினா வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்” என்று நாசர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

யோகலட்சுமி வந்தது போன ஆடியில். ஒன்பதாம் வகுப்பிலிருந்து சாஜிதாவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். கல்யாணமாகி மதுரைக்குப் போய், புருஷனுக்கு மாற்றலாகி ஊருக்கே திரும்பி, ஒரு தனியார் பள்ளியில் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளி வீடியோவுக்கு வாசிக்க வேண்டிய மாணவி வராமல் போக, டீச்சரையே வாசிக்கச் சொன்னார்கள். அடித்தொண்டையிலிருந்து, அவசரமே இல்லாமல் வந்த அந்தக் குரலைக் கேட்டு காளீஸ்வரன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றாமல் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தான். சாஜிதா அதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. ஜவுளிக்கடைக்காரர் “அந்தக் கனத்த குரல் டீச்சரம்மா வாசிக்கட்டும்” என்றார். கண் ஆஸ்பத்திரி கேட்டது. ஒரு நாள் சாஜிதா பஸ் ஸ்டாண்டில் மகளுக்குப் பேனா வாங்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலிருந்த திரையில் யோகலட்சுமியின் குரல் வந்தது. பேனா விற்றவர் மிச்சச் சில்லறையை நீட்டியபடி அண்ணாந்து பார்த்தார். சாஜிதாவுக்கு நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்குவது போல இருந்தது. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதே வரிகளைத் தான் வாசித்து செல்போனில் பதிந்து கேட்டாள். தன்னுடையதுதான் தெளிவு, தன்னுடையதுதான் சுத்தம் என்று தோன்றியது. ஆனாலும் மறுபடியும் கேட்கச் சொன்னால் எதைக் கேட்போம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. செல்போனைக் கட்டிலில் எறிந்தாள்.

தை மாசத்தில் தங்கப்பாண்டியன் வந்தார். இடைசெவல் பக்கத்துச் சம்சாரிகள் சேர்ந்து நடத்தும் உழவர் நிறுவனத்துக்குத் தலைவர். குதிரைவாலியும் உளுந்தும் தீட்டிப் பையில் அடைத்து விற்கிறார்கள். தூத்துக்குடியில் ஒரு கண்காட்சி. அங்கே பெரிய திரையில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எழுபத்தைந்து நொடி. அதற்கு ஒரு நொடி கூடினாலும் திரை தானே அடுத்த படத்துக்குப் போய்விடும். படம் எடுத்து, வெட்டி, அவர்கள் பார்த்துச் சரி சொல்லியாகிவிட்டது. இனி படத்தில் கை வைக்க முடியாது. குரல்தான் படத்துக்குள் அடங்க வேண்டும்.

“எழுத்து நீ எழுதிரு சாஜிதா,” என்றார் நாசர். “வாசிக்கிறதுக்கு யோகலட்சுமியக் கேக்குதாவ.”

“சரி அண்ணாச்சி,” என்றாள் சாஜிதா. குரலில் ஒன்றும் தெரியவில்லை. குரலில் ஒன்றும் தெரியாமல் பேசுவதுதானே அவள் தொழில்.

படத்தை ஓடவிட்டுக் கணக்குப் போட்டாள். முதல் மூன்று நொடி காற்றுச் சத்தம் மட்டும். கடைசி ஐந்து நொடி நிறுவனத்தின் பெயரும் செல் நம்பரும் எழுத்தில் வரும். நடுவில் வெடித்த கரிசலில் முதல் மழை விழும் நாலு நொடிக்குப் பேச்சே கூடாது. ஆக, பேசுவதற்கு அறுபத்து மூன்று நொடி. அவள் வாசித்தால் பத்து வார்த்தைக்கு ஆறு நொடி. நூற்றைந்து வார்த்தை கொள்ளும். யோகலட்சுமிக்குப் பத்து வார்த்தைக்கு ஏழரை நொடி ஆகும். அவளுடைய ஜவுளிக்கடை விளம்பரத்தைச் சாஜிதா எத்தனை தரம் கேட்டு அளந்திருக்கிறாள்! எண்பத்து நாலு வார்த்தைக்கு மேல் அவளுக்கு ஒன்றுகூட எழுதக் கூடாது.

சாஜிதா நூற்றைந்து எழுதினாள்.

அதையும் நாசர் கண்டுபிடிக்காதபடி எழுதினாள். வார்த்தைக் கணக்கைக் கம்ப்யூட்டர் அடியில் காட்டும். எழுபத்தைந்து நொடிக்கு நூறுக்குள் இருந்தால் சரி என்று நாசர் அதை மட்டும்தான் பார்ப்பார். எத்தனை உறுப்பினர், எந்த வருஷம், எத்தனை ஏக்கர் என்று ஐந்து இடத்தில் எண்ணை எண்ணாகவே அடித்தாள். 1,240 என்பது கம்ப்யூட்டருக்கு ஒரு வார்த்தை. வாய்க்கு, ஆயிரத்து இருநூற்று நாற்பது. அடியில் தொண்ணூற்றாறு என்று காட்டியது.

“நூறுக்குள்ளதான் இருக்கு,” என்றார் நாசர். “பாஸ்.”

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் யோகலட்சுமி வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாசர், காளீஸ்வரன், தங்கப்பாண்டியன். மூலை நாற்காலியில் சாஜிதா. முதல் தரம் யோகலட்சுமி தன் போக்கில் வாசித்தாள். எழுபத்தொன்பது நொடி. “கொஞ்சம் விரட்டி வாசிங்க டீச்சர்,” என்றான் காளீஸ்வரன். விரட்டினாள். அறுபத்தெட்டு. ழகரமும் ளகரமும் குழம்பி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சு இழுப்பது தனியாகக் கேட்டது. விதை விழும் காட்சி வரும்போது அவள் இன்னும் உழவிலேயே நின்றாள். மூன்றாம் தரம் பாதியில் இருமல் வந்துவிட்டது.

“மொதல்ல வாசிச்சத அமுக்கிப் பாப்போமா?” என்று நாசர் கேட்டார்.

“நூத்துக்கு அஞ்சு அமுக்குனா தெரியாது அண்ணாச்சி. இது கால்வாசிக்கு மேல வேகமாகணும்,” என்றபடியே காளீஸ்வரன் அமுக்கிப் போட்டுக் காட்டினான். ஏலம் விடுகிறவன் போலக் குரல் ஓடியது. தங்கப்பாண்டியன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவருக்கே சங்கடமாகப் போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யோகலட்சுமி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். முகம் சிவந்திருந்தது. “எனக்கு வேகம் வரல சார். சாஜிதாவே வாசிக்கட்டும்.”

பதினோரு வருஷப் பழக்கத்தில் சாஜிதா எழுந்து போனாள். ஒரே தரம்தான். அறுபத்து மூன்று நொடி. விதை என்று சொல்லும்போது திரையில் விதை விழுந்தது. “அதான் சாஜிதா!” என்று நாசர் கை தட்டினார். அந்த ஒரு கைதட்டலுக்காகத்தான் இத்தனையும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த அளவுக்கு அது இனிக்கவில்லை.

படியிறங்கும்போது கீழ்ப்படியில் யோகலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். தாள் இன்னும் அவள் கையில் இருந்தது. எண்களுக்கு மேலே பேனாவால் எழுத்தில் எழுதி எண்ணியிருந்தாள்.

“நூத்தஞ்சு,” என்றாள். “நான் வாசிக்கிற வேகம் உனக்குத் தெரியும்லா, ஏட்டி?”

சாஜிதா இறங்காமல் ஒரு படி மேலேயே நின்றாள்.

“பத்தாம் வகுப்புல பேச்சுப்போட்டில நீ ஜெயிச்சப்போ உன் கப்ப நாந்தான் வீடு வர தூக்கிட்டு வந்தேன். நெனவிருக்கா?” என்று கேட்டுவிட்டு, தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். “அண்ணாச்சிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். போ.” ஸ்கூட்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.

நாலு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்படிப் பெரிய மனுஷியாக நடந்துகொண்டதும் சாஜிதாவுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று எரிந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்த அவள் புருஷன் கிபாயத்துல்லா சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, செல்போனில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாள். போர்வெல் குழாய்க் கடை வைத்திருக்கிறவர். இதிலெல்லாம் ஒன்றும் தெரியாது. முழுசாகப் பார்த்தார்.

“ஒங் குரல் நல்லாருக்கு,” என்றார்.

“படம்?”

“படத்த எங்க பாக்க விட்ட? நீ பேசிக்கிட்டே இருக்கியே.”

அவள் சோற்றை அப்படியே வைத்துவிட்டு மறுபடியும் ஓடவிட்டாள். உண்மைதான். புடைக்கிற ஒரு கிழவி முறத்திலிருந்து தலையைத் தூக்கிச் சிரிப்பாள். படத்திலேயே நல்ல இடம் அது. அதன் மேல் ஆயிரத்து இருநூற்று நாற்பது உறுப்பினர்கள் என்று தன் குரல் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. மழை நாலு நொடியைத் தவிர ஒரு இடத்திலும் கண்ணுக்கு ஓய்வில்லை. ஒருத்தியைத் தடுக்கிவிழச் செய்ய எழுதியது, யார் வாசித்தாலும் இப்படித்தான் இருக்கும். இதற்கு முன்னால் இவ்வளவு மோசமாக அவள் எழுதியதே இல்லை. யோகலட்சுமிக்குச் செய்ததைவிட இதுதான் முதலில் சுட்டது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

அன்று மாலைக்குள் மறுபடி எழுதினாள். எண்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள், அதையும் எழுத்தில். எண்பத்து நாலு கொள்ளும் இடத்தில் எழுபத்தெட்டோடு நிறுத்தினாள். மிச்சம் நாலரை நொடியைக் கிழவியின் சிரிப்புக்கும், வாசிக்கிறவளின் மூச்சுக்கும் விட்டாள். நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் சாய்கோடு போட்டாள். சனிக்கிழமை காலையில் நாசரிடம் நீட்டினாள்.

“யோகலட்சுமி வாசிக்கட்டும் அண்ணாச்சி. மொதல்ல எழுதினது தப்பு. தெரிஞ்சே கூட எழுதினேன்.”

நாசர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “தெரிஞ்சேன்னா?”

“அவ வாசிக்கக் கூடாதுன்னு.”

அவர் கத்தவில்லை. “பதினோரு வருஷமா நீ எழுதினத நான் ஒவ்வொரு வார்த்தையா எண்ணிப் பாத்ததில்ல. இனிமே எண்ணணும் போல,” என்றார். அதற்கு மேல் பத்து நாள் அவளிடம் வேலை தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

யோகலட்சுமியைக் கூப்பிட சாஜிதாவேதான் போனாள். யோகலட்சுமி வாசலில் நின்று தாளை ஒரு தரம் மனசுக்குள் வாசித்தாள். உதடு அசைந்தது, சாய்கோட்டில் நின்றது. “இது என் வாய்க்கு எழுதினதுதான்,” என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் தரத்திலேயே அறுபத்து மூன்றுக்கு அரை நொடி முன்னால் முடித்தாள். கிழவி சிரித்த இடத்தில் அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. தங்கப்பாண்டியன், “நம்ம பொம்பளைக பேசுத மாதிரியே இருக்கும்மா,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யோகலட்சுமியைப் பார்த்துத்தான் சொன்னார். எழுதினவள் பக்கம் திரும்பவில்லை. சாஜிதாவுக்கு அந்த ஈரத்துணி இன்னொரு முறுக்கு முறுகியது. அவள் எழுந்து போய்விடவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து யோகலட்சுமியிடம் கொடுத்தாள்.

இப்போதும் இருவரும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்ட பிறகே சாஜிதா எழுத உட்காருகிறாள். யோகலட்சுமிக்கு என்றால் குறைவாக, இடைவெளி விட்டு. பழைய சிநேகிதம் முழுசாகத் திரும்பவில்லை. தாளைக் கையில் வாங்கியதும் யோகலட்சுமி முதலில் வார்த்தைகளை எண்ணுகிறாள், சாஜிதா எதிரில் நிற்கும்போதே. கண் ஆஸ்பத்திரியின் புது விளம்பரமும் அவளுக்குத்தான் போயிருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட அன்றைக்குச் சாஜிதா மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. ஆனால் எழுத்தை நாற்பது வார்த்தையில் முடித்து, எண்ணிப் பார்த்து, நாலு மணிக்குள் கொடுத்துவிட்டாள்.