சமையல்கட்டுக்கு மட்டும் வேண்டாம்

கொளஞ்சியம்மாளின் முறுக்கைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் தின்னாதவர்கள் குறைவு. ஆனால் அது எந்த வீட்டில் சுடப்படுகிறது என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். வாடகை வீட்டில் விறகடுப்பு எரிக்கிறவளுக்கு வேறு வழி?

சிலிண்டரில் சுட்டால் கட்டுப்படியாகாது. புகை வருகிறது என்று இதற்கு முன்பே இரண்டு வீடுகளை விட்டுக் கிளப்பியிருக்கிறார்கள். புருஷன் சின்னதுரை கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போய்விடுவான். மகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதிலிருந்து சோறு வரைக்கும் முறுக்கில்தான் ஓடியது. இந்த வீடும் போனால் அடுப்பு மூட்ட ஊரில் இடமில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்காரர் காசிநாதன் ரிஷிவந்தியத்தில் இருக்கிறார். வாடகை செல்போனில் போய்விடும். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அக்ரிமெண்ட் புதுப்பிக்க மட்டும் வருவார், வாசல் அறையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அதனால் பின்பக்கத்துச் சமையல்கட்டை அவர் பார்த்ததே இல்லை. விறகு எரிக்கக் கூடாது என்று அக்ரிமெண்டில் ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த வரியைப் பார்க்காதவள் போலக் கையெழுத்துப் போடுவாள்.

இந்த முறை போன் செய்தவர், புதுப்பிக்கும்போதே வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன், செலவில் பாதி நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். யாராக இருந்தாலும் கால் பங்குக்குப் பேரம் பேசியிருப்பார்கள். கொளஞ்சியம்மாளோ உடனே சரி என்றாள். சமையல்கட்டுக்கு மட்டும் வேண்டாம், அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொன்னாள். அப்படியா என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை பெயிண்டரோடு வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவள் உடனே சமையல்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். உத்தரத்திலிருந்து ஜன்னல் வரைக்கும் கரி, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. சுண்ணாம்பு வாங்கி, வெள்ளையாகத் தெரிய நீலம் கலந்து, தென்னை மட்டையால் தானே பூசினாள். காய்ந்ததும் சுவர் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்துத் தைரியம் வந்ததா என்றால், இல்லை. பயம் இன்னும் கூடியது. புதிதாகப் பூசிய சுவர் எதையோ மறைக்கிற சுவர் என்று யாருக்குத்தான் தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை காசிநாதனோடு வந்த பெயிண்டர் அறிவுச்செல்வன் அறை அறையாகப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் சமையல்கட்டுக்குப் போனார். சும்மா பார்ப்பார் என்று நினைத்தாள். அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்தார். சுண்ணாம்பு அப்பளமாகப் பெயர்ந்து வந்தது, அடியில் கரி. கொளஞ்சியம்மாள் இடுப்பில் செருகிய முந்தானையை அவிழ்த்து அவிழ்த்துச் செருகினாள்.

"புகையும் எண்ணெயும் ஏறின சுவத்துல சுண்ணாம்பு நிக்காதுங்க," என்றார் அறிவுச்செல்வன். "சுரண்டி, சோப்புத் தண்ணியில கழுவி, பிரைமர் அடிச்சாத்தான் பெயிண்ட் புடிக்கும்."

காசிநாதன் கரி படிந்த இடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மூட்டை முடிச்சோடு தெருவில் நிற்பது போல அவளுக்குக் கண்ணெதிரே தோன்றியது. விறகடுப்பா என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"பாதின்னதும் பேரமே பேசாம ஒத்துக்கினீங்க. அப்பவே தெரியும், உள்ள இன்னாவோ இருக்குதுன்னு," என்றார் அவர்.

பிறகு கொல்லைப்பக்கம் போய் நின்று யோசித்தார். அடுப்பை வெளியே வைத்து மேலே தகரம் போட்டுக்கொள்ளலாம், அதை அக்ரிமெண்டிலேயே எழுதிவிடலாம், உள்ளே மட்டும் இனி எரியக் கூடாது என்றார். ஆனால் சமையல்கட்டுக்கு ஆகிற செலவு முழுக்க அவளுடையது.

கிளம்பச் சொல்லவில்லை என்பது அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் முதல்தடவையாகப் பேரம் பேசினாள்.

"முழுசும் நம்மளால ஆவாதுங்க. கரி நான் ஏத்துனது, சுரண்டுற கூலி நான் தர்றேன். பெயிண்டு பாதிப் பாதி. காலி பண்றப்போ பெயிண்டுக்குன்னு அட்வான்ஸ்ல கை வெக்கக் கூடாது. அதையும் எழுதிடுங்க."

காசிநாதன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.