பன்னிரண்டு மாத்திரை

எண்பதுகளின் கடைசியில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்சாக இருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுப்போம். அதுவரை வந்ததெல்லாம் மெபெண்டசோல் நூறு மில்லிகிராம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மூன்று நாள். தலைக்கு ஆறு. சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

அந்த முறை சேலத்திலிருந்து வந்த பெட்டியை மழையில், வாசலில் கூட்டம் நிற்கும்போது பிரித்தேன். பெயர் 'பெண்டசோல்' என்று முடிந்ததைப் பார்த்ததோடு சரி. முதலில் நின்றவள் காப்பிப் பழம் பறிக்கப் போகிற அவசரத்தில் இருந்தாள். அவளுடைய எட்டு வயது, ஐந்து வயதுப் பெண்களுக்குப் பன்னிரண்டு மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இடுப்பில் இருந்த பையனுக்கு ஒன்றரை வயது. அவனுக்கு வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க நர்சம்மா, இந்த மாத்திர நொம்பப் பெருசா இருக்குதுங்களே?"

"கம்பெனி மாறியிருக்கும்மா" என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவள் கேட்டது உறுத்த, யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். அல்பெண்டசோல் நானூறு. இரண்டு வயதுக்கு மேல் ஒரே ஒரு மாத்திரை, ஒரே தடவை, மென்று விழுங்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே டாக்டரைக் கேட்க வேண்டும்.

கூட்டத்தை இருக்கச் சொல்லிவிட்டு லைனுக்கு ஓடினேன். தாய் வேலைக்குப் போய்விட்டாள். பெரியவள் பையனை மடியில் வைத்திருந்தாள். ஆளுக்கொன்று அப்போதே மென்றாகிவிட்டது, மிச்சம் பொட்டலத்தில் இருக்கிறது என்றாள். பத்து இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்க கண்ணு?"

"தம்பி அளுதானுங்க. பாதி கடிச்சுக் குடுத்தேன்." மீதிப் பாதி அவள் உள்ளங்கையில் பிசுபிசுத்துக் கிடந்தது.

பையனைத் தூக்கிக்கொண்டு, அட்டையையும் எடுத்துக்கொண்டு எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முதலில் பையனின் வாயையும் மூச்சையும் பார்த்தார். பிறகு அட்டையைப் படித்தார்.

"பாதின்னா இருநூறு. ரெண்டு வயசுக்குக் கீழ குடுத்தா நான் குடுக்கிற அளவே அதுதான். புரை ஏறாம போச்சே, அதான் பெரிசு. அந்தப் பொண்ணுங்களுக்கு இனிமே ஒண்ணும் வேண்டாம். வாந்தி, வயித்து வலி வந்தா கூட்டிட்டு வாங்க."

யாருக்கும் எதுவும் வரவில்லை. சாயங்காலம் தாயிடம் நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவள் சத்தம் போடவில்லை.

"பெருசா இருக்குதுன்னு அப்பவே சொன்னேனுங்களே" என்றாள்.

டிஸ்பென்சரிக்குத் திரும்பினேன். காலையில் இருக்கச் சொன்னவர்களில் நாலு பேர் அப்போதும் காத்திருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளிடம் வயதைக் கேட்டு, ஆளுக்கு ஒரே ஒரு மாத்திரை கொடுத்து, மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.