தழும்பில்லாத அக்கா

அவன் கடைக்குள் வந்த வேகத்தில் கவுண்டர் கண்ணாடி உடைந்தது. ஒரே குத்து. கையில் ரத்தம் வழிய, காலையில் நான் அடித்துக் கொடுத்திருந்த கண்ணீர் அஞ்சலி பேனரை என் மேல் வீசினான்.

"இது யாரு மிஸ்? எங்க அக்காவா இது? எந்தச் சினிமாக்காரிய எங்க லயத்துல தொங்கவிடச் சொல்றீங்க?"

ஹட்டனில் ஒரு அச்சுக் கடையில் பேனர் வடிவமைப்பது என் வேலை. யாராவது கத்தினால் எனக்கும் கத்தத்தான் வரும். "அழகா போட்டுத் தாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்றேன். சொல்லிவிட்டுப் பேனரை விரித்துப் பார்த்தேன்.

அவள் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். படியில் தவறி விழுந்து செத்தாள் என்றான் புருஷன். விறகுக் கட்டையால் அடித்தே கொன்றான் என்றான் தம்பி. பொலிஸ் வந்து கேட்டும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன வருஷம் புருஷன் வீசிய செம்பு அவளுடைய இடது புருவத்தைப் பிளந்திருந்தது. அந்தத் தழும்பைப் பார்த்தாலாவது யாராவது பேசுவார்கள் என்று தம்பி நம்பியிருந்தான். என் பேனரில் தழும்பே இல்லை.

அவர்களிடம் இருந்தது ஒரு கல்யாண வீட்டுக் கூட்டப் படம். அதில் அவள் முகம் கட்டைவிரல் நகமளவு. அதை வெட்டி, "அழகான, தெளிவான முகம்" என்று எழுதி, படம் திருத்தும் ஏஐயிடம் கொடுத்தேன். மங்கலான படத்தில் இல்லாததை அது தான் கற்ற லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஊகித்து நிரப்பும். அந்த முகங்களில் முக்கால்வாசி மினுக்கிய படங்கள். தழும்பு அதற்கு அழுக்கு மாதிரி, துடைத்துவிடும். 'அழகான' என்ற என் வார்த்தை இன்னும் தள்ளிவிட்டது. வந்த படத்தையே மறுபடி மறுபடி கொடுத்துத் திருத்தச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மூக்கு கூர்மையானது, தோல் வெளுத்தது. அந்த மாதம் அடித்த மற்றப் பெண்களின் பேனர்களைத் திறந்து பார்த்தேன். எல்லோரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தார்கள். எனக்கே என் மேல் ஆத்திரமாக வந்தது.

"பழசை எல்லாம் அழிச்சிடுறேன். வேற படம் இருந்தா அனுப்புங்க. வட்ஸ்அப்ல படமா அனுப்பாம டொக்கியூமெண்ட்டா அனுப்புங்க, அப்பதான் தரம் குறையாது."

மூன்று படம் வந்தது. மூலப் படத்திலிருந்தே தொடங்கினேன். முகத்தை மூடி வைத்து, சேலையையும் பின்னணியையும் மட்டும் ஏஐயிடம் விட்டேன். பிறகு முகத்துக்கு, அது தன் இஷ்டத்துக்கு மாற்றும் பலத்தை ஆகக் குறைத்து, மற்றப் படங்களையும் காட்டி, அகன்ற மூக்கு, தெத்துப்பல், கறுத்த நிறம், புருவத் தழும்பு என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். வந்ததை மூலப் படத்தின் மேல் பாதி தெரியும்படி வைத்து, கண்ணும் தாடையும் பொருந்துகிறதா என்று பார்த்தேன். அப்போதும் தழும்பு மழுங்கியது. தழும்பு இருந்த இடத்தை மட்டும், வந்த மூன்றில் கிட்டத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டி, கையாலேயே ஒட்டினேன். கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

அந்த நேரம் புருஷனின் அண்ணன் உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான்.

"மொதல்ல போட்ட படம் நல்லாத்தானே இருந்துச்சு. அதையே அடி."

"முடியாதுங்க."

என் தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினான். உதடு கிழிந்தது. பேனர் வெட்டும்போது வைக்கும் இரும்பு அடிமட்டக் கோல் கைக்கு அகப்பட்டது. அவன் மணிக்கட்டில் ஓங்கி இறக்கினேன். தம்பி பாய்ந்து அவனை மாடிப் படிவரை இழுத்துப்போய் மிதித்தான். கீழ்க்கடைக்காரர்கள் வந்துதான் பிரித்தார்கள். வாயில் ரத்தத்தோடு பிரிண்ட் பொத்தானை அழுத்தினேன். பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் நானும் லயத்துக்குப் போனேன். பேனர் கட்டியிருந்தார்கள். பறை அடித்தபடியே வண்டியிலிருந்து சவப்பெட்டியை இறக்கினார்கள். வாசலில் பொலிஸ்காரர் ஒருவர் நின்றார். செத்தவளின் அம்மா பேனருக்கு முன்னால் வந்து நின்றாள். நின்றவள் திடீரென்று தன் கன்னத்தில் தானே அறைந்தாள். மாறி மாறி அறைந்தாள். கையைப் பிடிக்கப் போன மகனைத் தள்ளிவிட்டாள்.

"செம்பு பட்டு ரத்தத்தோட எங்கிட்டதான் ஓடி வந்தா. நான்தான் மஞ்சள அப்பி, விழுந்துட்டேன்னு சொல்லுடின்னு திருப்பி அனுப்புனேன். சாகுற அன்னைக்கும் ஓடி வந்தா. அன்னைக்கும் நான்தான் திருப்பி அனுப்புனேன்."

பறை நின்றது. பொலிஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவளை நோக்கி நடந்தார்.