அவருக்குக் கேட்காத சத்தம்

அந்தத் தெருவில் அவரை மெக்கானிக் என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'காது' என்றால்தான் தெரியும். "டிவி சத்தம் போடுதா? காதுகிட்ட கொண்டு போ" என்பார்கள். முப்பது வருடம் அப்படித்தான் நடந்தது. கழற்றிய டிவியின் பின்பக்கத்தில் ஒரு சாண் நீள ரப்பர் குழாயின் ஒரு முனையை வைப்பார், மறுமுனையைத் தன் வலது காதில் வைப்பார். மீட்டரை எடுப்பதற்கு முன்பே எந்தப் பாகம் முனகுகிறது என்று சொல்லிவிடுவார். பல முறை சரியாகச் சொன்னார். சில முறை தப்பாகவும் சொன்னார். ஊர் அந்தச் சில முறைகளை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, அவரும் வைத்துக்கொள்ளவில்லை.

அவருக்குக் கோபக்காரர் என்று இன்னொரு பெயரும் இருந்தது. அதை யாரும் நேரில் சொன்னதில்லை. கடைக்குள் நுழைகிறவர் "சும்மா பாக்கலாம்னு" என்று ஆரம்பித்தாலே அவருக்கு முகம் சிவக்கும். "சும்மா பாக்க இது என்ன சினிமாவா?" என்பார். மனைவி அடுத்த மேசையில் இருந்து, "வாங்க, உக்காருங்க" என்று அந்த ஆளைக் காப்பாற்றுவாள். அந்தக் கடையில் பற்றவைக்கும் வேலை எல்லாம் அவளுடையது. பொடிப் பொடியாக இருக்கும் பாகங்களின் கால்களில் ஈயத்தை உருக்கி எடுத்து, புதிதை வைத்து, ஈயம் ஒரு சொட்டு அதிகமாகாமல் முடிப்பாள். பேசுவதிலும் ஒரு சொட்டு அதிகமாகாது.

அன்று காலை தையற்காரி மூன்றாவது முறையாக அதே டிவியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கினாள். மேசை மேல் வைத்த வேகத்தில் திருகுகள் இருந்த டப்பா உருண்டது.

"இந்தத் தடவை நான் நகர மாட்டேண்ணே. என் முன்னாடியே பாருங்க."

"ரெண்டு தடவை பாத்தாச்சு. சத்தமே இல்ல."

"கீச்சுன்னு கத்துது. கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி. ஊசியில நூல் கோக்க முடியல எனக்கு."

"கொசுன்னா கொசுவர்த்தி வை. டிவியை ஏன் கொண்டு வர்ற?"

முதல் இரண்டு முறையும் அவர் தன் வழக்கப்படியே செய்திருந்தார். டிவியை மின்சாரத்தில் செருகி வைத்துவிட்டு, கையில் இருந்த வேறு வேலையை முடித்து, மத்தியானம் அதைத் திருப்பினார். ஒலியை முழுக்க நிறுத்தினார். ஒலியை நிறுத்தியும் சத்தம் இருந்தால் அது ஒலிபெருக்கியில் இருந்து வரவில்லை, பவர் போர்டிலோ திரைக்குப் பின்னாலோ இருக்கிறது. குழாயை வைத்தார். ஒன்றும் இல்லை. "உன் காதுலதான் கோளாறு" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "என் அக்கா பொண்ணுக்குக் கேக்குது. பக்கத்து வீட்டு வாத்தியாருக்குக் கேக்குது. ஊர்ல உங்களுக்கு மட்டும்தான் கேக்கல."

"அப்போ வாத்தியார்கிட்டயே ரிப்பேர் பண்ணிக்கோ!"

"உங்க வீட்டு அக்காவுக்குக் கேக்குதே! அவங்கதானே போன் பண்ணி, வெளிச்சத்தைக் கூட்டி வைம்மா, சத்தம் நின்னுரும், பயப்பட வேண்டாம்னு சொன்னாங்க! கூட்டினா எனக்குக் கண்ணு கூசுது!"

பற்றவைக்கும் கோல் தாங்கியில் போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது. அது அவருக்கு நன்றாகக் கேட்டது.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் ஈயச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் பண்ணியா?"

"பண்ணேன்."

"எத்தனை பேருக்கு?"

"எண்ணல."

"எவ்வளவு நாளா?"

"போன வருஷத்துல இருந்து. அந்த மாதிரிக் கீச்சுச் சத்தம் உங்களுக்குக் கேக்கறதில்லைங்க. ஒண்ணுமில்லாத சத்தம்தான். கோளாறா இருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்ப! என் கடையில உக்காந்து, என் முதுகுக்குப் பின்னாடி..." என்று கத்தினார். ரப்பர் குழாயைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அது சத்தமில்லாமல் வந்து விழுந்தது. கோபத்தில் இருப்பவனுக்கு இப்படிப்பட்ட பொருள்கள் பெரிய உபகாரம் செய்வதில்லை.

அவருடைய கோபத்துக்குப் பெயர் வைப்பது சுலபம், அவமானம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதில் பயமும் இருந்தது. மனைவியின் தம்பி ஆறு மாதமாக வந்து போகிறான். "மச்சான், வயசாச்சு, வீட்ல உக்காருங்க. கடையை நான் பாத்துக்கறேன்" என்கிறான். அவன் வேலை செய்யும் விதம் இவருக்குத் தெரியும். சத்தம் என்றாலும் போர்டை மாற்று, படம் வரவில்லை என்றாலும் போர்டை மாற்று. எது கெட்டது, எது கெடவில்லை என்று பார்ப்பதே கிடையாது. அப்படிப்பட்டவனிடம் மேசையைக் கொடுப்பதைவிட அதை உடைத்து அடுப்பில் வைக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். காது போனது தெரிந்தால் அவன் நாளைக்கே சாவியைக் கேட்பான்.

"உன் தம்பிக்குச் சொல்லிட்டியா?"

"என் வாயில இருந்து வராது."

"என் முன்னாடியும் வரல, அவன் முன்னாடியும் வரலியா? நல்ல வாய்."

தையற்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. வெட்டின துணி வீட்ல கிடக்குது. இப்பவே போடுங்க. நான் பாக்கணும்."

"போடறேன்! பாரு!" என்று அவர் ஒயரைப் பிடுங்கி, செருகி, சுவிட்சைத் தட்டினார். கோபத்தில் அவர் செய்த முதல் உருப்படியான காரியம் அது. போன இரண்டு முறையும் டிவி பல மணி நேரம் மின்சாரத்தில் ஊறிய பிறகே அவர் அதைத் தொட்டிருந்தார். இன்று காலைக் குளிரில் ஆட்டோவில் வந்து, இறங்கிய கையோடு, ஆறிப்போன நிலையில் அது உயிர் பெற வேண்டியிருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. கூடவே உள்ளே இருந்து, டிக். சற்று இடைவெளி விட்டு, டிக். டிக்.

அவர் குனிந்தார். குழாய் தேவைப்படவில்லை.

"இது எப்போலருந்து?"

"எது? அந்த டிக் டிக்கா?" தையற்காரி தோளைக் குலுக்கினாள். "நான் சுவிட்சை அணைக்கறதே இல்லண்ணே. ரிமோட்லதான். போன வாரம் கரண்ட் போய் வந்தப்போ கொஞ்ச நேரம் அப்படித்தான் பண்ணிச்சு. தையல் மிஷின் ஓடிட்டிருந்துச்சு, நான் கவனிக்கல. அப்புறம் தானா வந்துருச்சு. அதுவா முக்கியம்? கீச்சு..."

"கீச்சைத் தூக்கிக் குப்பையில போடு! இந்த டிக்காலதான் செட்டு சாகப் போகுது!"

மூன்று நிமிடம் கழித்து டிக் நின்றது, படம் வந்தது. அவர் உடனே சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்கினார். பின்மூடியைக் கழற்றி, பவர் போர்டில் இருந்த பெரிய மின்தேக்கியின் இரண்டு கால்களிலும் ஒரு குண்டு பல்பின் ஒயர்களை வைத்தார். பல்பு ஒரு கணம் மின்னி அடங்கியது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். கோபம் எவ்வளவு இருந்தாலும் அந்தப் பல்பை அவர் மறந்ததில்லை.

"வந்து பாரு" என்றார் மனைவியிடம். அவளை அவர் கூப்பிட்டது அதட்டலாகத்தான் இருந்தது.

போர்டின் மறுகோடியில், குறைந்த மின்னழுத்தம் வெளியேறும் பக்கத்தில், விரல் நுனி பருமனில் நான்கு மின்தேக்கிகள் வரிசையாக நின்றன. இரண்டின் தலை தட்டையாக இருந்தது. இரண்டின் தலை வீங்கியிருந்தது. ஒன்றின் அடியில் பழுப்புக் கறை. உள்ளே இருந்த ஈரம் வற்றிவிட்டால் அது குளிரில் வேலை செய்யாது. போர்டு எழ முயலும், முடியாமல் படுக்கும், மறுபடி முயலும். அந்த ஒவ்வொரு முயற்சியும் ஒரு டிக். சூடானால் எழுந்துவிடும். அதனால்தான் மத்தியானத்தில் பார்த்தவருக்கு அது நோயாளியாகத் தெரியவில்லை.

மனைவி வெகு நேரம் அதைப் பார்த்தாள். "நான் பயப்பட வேண்டாம்னு சொல்லிட்டேனே" என்றாள் மெல்ல.

"சொல்லுவ. மூடியைத் திறக்காம, ஆறின செட்டைப் போட்டுப் பாக்காம, போன்ல வைத்தியம் சொல்லுவ. ஒரு சத்தம் கேட்டதும் அதுதான் எல்லாம்னு நினைச்சிட்ட."

"நீங்க ஒரு சத்தம் கேக்கலன்னதும் ஒண்ணுமே இல்லன்னு நினைச்சிட்டீங்க."

அவள் குரலில் சூடு இருந்தது. கல்யாணமான நாளில் இருந்து அவர் அதைக் கேட்டது நான்கைந்து முறை இருக்கும்.

அவள் வீங்கிய இரண்டையும் உருக்கி எடுத்தாள். அவர் டப்பாக்களைப் புரட்டி, அதே கொள்ளளவில், மின்னழுத்தம் குறையாமல், நூற்றைந்து டிகிரி சூடு தாங்கும் என்று எழுதியிருந்த இரண்டைத் தேடிக் கொடுத்தார். எதிர்முனையைக் காட்டும் கோடு போட்ட பக்கம் சரியாக வருகிறதா என்று அவளும் பார்த்தாள், அவரும் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. போர்டு நன்றாக ஆறும்வரை காத்திருந்தார்கள்.

சுவிட்சைத் தட்டினார். ஒரு 'டிக்' கூட இல்லாமல் படம் வந்தது.

"கீச்சு இருக்குது" என்றாள் தையற்காரி உடனே.

"இருக்கும். அது இருந்துட்டுப் போகும்."

"கேக்காத ஆள் எப்படிங்க இருக்கும், இருக்காதுன்னு சொல்றது?"

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ரிமோட்டை எடுத்தார். பின்வெளிச்சத்தை அடிவரை குறைத்தார்.

"இப்போ?"

"கத்துது."

பாதிக்கு ஏற்றினார். "இப்போ?"

"வேற மாதிரி கத்துது."

முழுக்க ஏற்றினார். தையற்காரி தலையைச் சாய்த்தாள். "போச்சு."

"வெளிச்சத்தைக் குறைச்சா, அது விளக்கை விட்டு விட்டு எரிய வைக்குது. கண்ணுக்குத் தெரியாத வேகம். உள்ளே ஒரு கம்பிச் சுருள் அதுக்குத் தகுந்த மாதிரி அதிருது, பாடுது. முழு வெளிச்சத்துல விட்டு விட்டு எரிய வேலை இல்ல, சுருளும் சும்மா இருக்குது. வெளிச்சத்தோட சேர்ந்து மாறுற சத்தம் அந்தச் சுருளோடது, அதனால செட்டு சாகாது. டிக்கு வேற, பட்டுப் பட்டுன்னு பொரியற சத்தம் வேற, கருகின வாசனை வேற. அது ஏதாவது வந்தா ஒயரைப் பிடுங்கிட்டுக் கொண்டு வா."

"அப்போ முதல்லயே கீச்சு இருக்குது, பரவால்லன்னு சொல்லியிருக்கலாமே? என் காதுல கோளாறுன்னீங்க."

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு, யாரையோ திட்டுகிற குரலில், "எனக்குக் கேக்கல. போதுமா? எனக்குக் கேக்கல!" என்றார்.

தையற்காரி மன்னித்ததாகத் தெரியவில்லை. போர்வையை உதறி டிவியைச் சுற்ற ஆரம்பித்தாள். "அடுத்த தடவை அக்கா இருக்கும்போதுதான் வருவேன்" என்றாள்.

அவள் போன பிறகு அவர் வேலைச் சீட்டுக் கட்டை எடுத்தார். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் 'சத்தம்' என்று அச்சிட்ட ஒரு வரி உண்டு. முப்பது வருடமாக அதில் அவர்தான் எழுதுவார். இன்றைய சீட்டில் மின்தேக்கி மாற்றியதை எழுதினார். அந்த வரிக்கு வந்ததும் சீட்டை மனைவியின் மேசைக்குத் தள்ளினார், பேனாவையும் தள்ளினார். பேனா உருண்டு அவள் மடியில் விழுந்தது.

"எழுது. ஆறின செட்டைப் போட்டுக் கேட்டுட்டு எழுது, சூடான பிறகும் கேட்டுட்டு எழுது. போன்ல எவளுக்காவது வைத்தியம் சொன்ன, தொலைச்சுடுவேன்."

"உங்க தம்பி வந்தா என்ன சொல்றது?"

"என் தம்பியா? உன் தம்பி!"

"சரி, என் தம்பி. வந்தா?"

"காது உன் மேசைக்கு மாறிடுச்சுன்னு சொல்லு. என் மேசை யாருக்கும் மாறலன்னும் சொல்லு."

அவள் எழுதினாள். எழுதி முடித்து, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நீங்க கத்துறது எனக்கு நல்லாவே கேக்குது" என்றாள்.

அவர் கீழே கிடந்த ரப்பர் குழாயை எடுத்து, தூசியைத் துடைத்து, அவள் பக்கத்து ஆணியில் மாட்டினார். கோபம் தீரவில்லை. ஆணி ஆடுகிறது என்று அதையும் ஒரு முறை திட்டினார்.