தினகரன் இடுப்பில் பன்னிரண்டு வருஷம்

உத்திரமேரூரில் ஒரு வங்கி வாசல். அங்கே துப்பாக்கியோடு நிற்கும் தினகரன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையைப் பார்த்தே பாதித் திருடன் திரும்பிப் போய்விடுவான் என்பது நகை வைக்க வருகிறவர்கள் பேச்சு. அவருக்கும் அது தெரியும். தோல் பெல்ட்டில் பத்துத் தோட்டா சொருகி, பன்னிரண்டு வருஷமாக ஒரு குண்டும் சுடாமல் காவல் காத்த பெருமை அவருக்கு.

வருஷா வருஷம் "தோட்டாக்கள் நல்ல நிலையில் உள்ளன" என்று அவர் எழுதித் தருவார், மேலாளர் கையெழுத்துப் போடுவார். ஆயுத பூஜையன்று ஒவ்வொரு தோட்டாவின் பித்தளை அடியிலும் ஈரச் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைப்பார். அதில் மட்டும் ஒரு குறை வைத்ததில்லை மனுஷன்!

இந்த வருஷம் செங்கல்பட்டுப் பக்கத்துப் போலீஸ் சுடுதளத்துக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பெல்ட் தோட்டாவையே சுட்டுத் தீர்க்கச் சொன்னார்கள்.

முதல் தோட்டா உப்பிப்போய் குழலுக்குள் நுழையவே இல்லை. இரண்டாவதற்கு விசையை இழுத்தார். டிக்கென்றது, அவ்வளவுதான்.

"தெறக்காத, அண்ணே! அப்டியே குறியப் பாத்துக்கினு இரு. லேட்டா வெடிச்சாலும் வெடிக்கும்" என்றார் ஆயுதம் பார்க்கும் ஏட்டு சுகுமார். ஒரு நிமிஷம் நின்றார்கள். வெடிக்கவில்லை. மூன்றாவது புஸ்ஸென்றது. சுகுமார் துப்பாக்கியை வாங்கிக் குழலுக்குள் பார்த்தார். தோட்டாவுக்குள் மருந்தை மூடியிருக்கும் அடைப்பு பாதி வழியில் சிக்கியிருந்தது. அதைக் கவனிக்காமல் அடுத்ததைப் போட்டிருந்தால் குழலே பிளந்திருக்கும்.

மிச்சமிருந்தவற்றின் அடியைத் திருப்பிப் பார்த்தார் சுகுமார். பச்சைக் களிம்பு.

"இன்னாண்ணே இது? ஏசி ரூம்லயும் வெயில்லயும் மாத்தி மாத்தி நின்னா பித்தளை வேர்க்கும். தோல் பெல்ட்டு அத அரிக்கும். போதாததுக்குச் சந்தனம் வேற. உள்ள ஈரம் பூந்தா மருந்து செத்துடும். சூடு வேற அத கெடுத்துக்கினே கீது."

பெல்ட் தோட்டாவோடு சேர்த்து அதே வருஷம் வாங்கிய ஐந்து தோட்டா பெட்டி பிரிக்காமல், வங்கியின் உள்ளறை இரும்பு அலமாரியில் உலர்வாகக் கிடந்தது. கொண்டுவந்து சுட்டார்கள். ஐந்தும் வெடித்தன.

தினகரனுக்கு அவமானமாக இருந்தது. பட்டாளத்துக்காரன் கண்ணெதிரிலேயே தோட்டா மருந்து செத்துக் கிடந்திருக்கிறது!

வங்கிக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னார். மேலாளர் சுலோச்சனா நல்லவர். "வுடுங்க, தினகரன் சார். புதுசு வாங்கிடலாம். பழசெல்லாம் பிராக்டீஸ்ல சுட்டுட்டோம்னு எழுதிடுங்க. உங்க காண்ட்ராக்ட் வேற அடுத்த மாசம் புதுப்பிக்கணும்."

"இல்ல மேடம். மத்த பிராஞ்சுலயும் இப்டித்தான் சந்தனம் வெக்கிறாங்க. அவங்களுக்குத் தெரியணும். நான் தப்பா எழுதிக் குடுத்துக்கினு இருந்தேன்னே எழுதிடறேன்."

தன் கைப்பட எழுதினார். சுடாத தோட்டாக்களை எண்ணிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து, வெறும் துப்பாக்கியோடு வாசலில் நின்றார். அடகு நகை மீட்க வந்த கோவிந்தம்மாள், "நீ நிக்கிற தைரியத்துலதான் நைனா நகைய இங்க வெக்கிறன்" என்று வழக்கம்போலக் கும்பிட்டாள்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக, பதிலுக்குக் கும்பிட அவர் கை எழவில்லை.