மஞ்சளில் பேசியது யார்

அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் ‘கலர் அக்கா’ என்றே அழைத்தார்கள். பதினோரு ஆண்டுகளாகத் திரைப்படங்களுக்குச் சப்டைட்டில் எழுதிவருபவர். அவற்றுள் கடைசி ஏழு ஆண்டுகளில் எழுதியவை காது கேளாதவர்களுக்கானவை. படத்துக்கு ஒரு நோட்டு வைத்திருப்பார். எந்தப் பாத்திரத்துக்கு எந்த நிறம் என்பது அதன் முதல் பக்கத்திலேயே இருக்கும். இருபத்து மூன்றாவது நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும் பாத்திரங்களுக்குப் பதிலாக மொழிகள் இருந்தன.

அது அந்தப் பட இயக்குநரின் விருப்பம். படத்தின் உயிரே ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சிதான். மகன் தன் தாயிடம் ஒரு மொழியில் பேசுகிறான். மனைவியிடம் தாய்க்குப் புரியாத வேறொரு மொழியில். தொலைபேசியில் வரும் மருத்துவரிடம் மூன்றாவது மொழியில். தாயின் நோய் தாய்க்கே தெரியாமல் அந்த மேசையில் மறைக்கப்படுகிறது. யார் பேசுகிறார் என்பதை முகம் காட்டிவிடும், என்ன மொழி என்பதை நிறம் காட்டட்டும் என்றார் இயக்குநர். கலர் அக்காவுக்கும் அது நியாயமாகவே பட்டது. தாயின் மொழிக்கு வெள்ளை, மனைவியின் மொழிக்கு மஞ்சள், மருத்துவரின் மொழிக்கு வெளிர்நீலம் என்று எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, காது கேளாத பன்னிரண்டு பேருக்கு முன்னோட்டக் காட்சி. அவர்களுக்குக் குழப்பம் ஏற்பட்டால் இந்த வரிகள் இல்லாமலேயே படம் திரையரங்குக்குப் போகும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். கலர் அக்காவின் தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அக்கா எழுதிய படம் எதையும் அவள் திரையரங்கில் பார்த்ததில்லை; எல்லாமே வீட்டுக் கணினியில்தான்.

அன்று காலை அந்த மேசைக் காட்சியை அவளுக்குப் போட்டுக் காட்டினார். பிழை கண்டுபிடித்தால் என்ன தருவாய் என்று சைகையில் வம்பிழுத்துக்கொண்டே உட்கார்ந்தவள், காட்சி முடிந்ததும் முகம் சுளித்தாள்.

“மருமக என்ன இவ்வளவு கல்மனசுக்காரியா இருக்கா? அம்மாகிட்ட சொல்லாதேன்னு புருஷனுக்கே உத்தரவு போடுறா?” என்றன அவள் கைகள்.

கலர் அக்கா சைகையில் மறுத்தார். “அதைச் சொன்னது அவ இல்லடி. பையன்.”

“மஞ்சள்ல வந்துச்சே. மஞ்சள் அவதானே?”

காட்சியைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். அதற்கு முந்தைய இரண்டு மஞ்சள் வரிகளையும் மனைவி பேசியிருந்தாள். மூன்றாவதை மகன் பேசும்போது திரையில் தெரிந்ததோ தாயின் முகம் மட்டும். இத்தகைய சப்டைட்டில்களில் ஒரு நிறம் என்றால் ஓர் ஆள் என்று பார்த்துப் பழகிய கண் வேறு எதை நினைக்கும்? ஏழு ஆண்டுகளாக அந்தப் பழக்கத்தை நம்பியே எழுதியவர், இந்தப் படத்தில் அதை மறந்திருந்தார்.

மணி பத்து நாற்பது. இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்து, நிறங்களை மாற்ற வேண்டும் என்றார்.

“மொழி போச்சுன்னா என் படமே போச்சு, மேடம்.”

“மொழி எங்கயும் போகாது சார். கலரை ஆளுக்குக் கொடுத்துடுறேன், மொழியை எழுத்துல சொல்லிடுறேன். இப்போ செய்யாத தப்புக்கு மருமக தலை உருளுது.”

இயக்குநர் நான்கு மணிக்குப் படம் ஓடியாக வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

தாய்க்கு வெள்ளை, மகனுக்கு மஞ்சள், மனைவிக்கு வெளிர்நீலம், மருத்துவருக்குப் பச்சை. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாக மாற்றினார். பேச்சு வேறு மொழிக்குத் தாவும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் மொழியின் பெயர். முகம் தெரியாமல் குழம்பக்கூடிய இடத்தில் மட்டும் பேசுபவரின் அடையாளம். தாயின் முகத்தின் மீது வரும் அந்த வரிதான் மசியவில்லை. அது திரையில் நிற்பது இரண்டு நொடி. அடையாளமும் மொழியும் வசனமும் சேர்ந்தால் படித்து முடியாது. மனைவியிடம் அவன் முதலில் தண்ணீர் கேட்ட வரியிலேயே மொழி மாறிவிட்டதால், மொழியின் பெயரை அங்கே வைத்தார். இங்கே ‘மகன்: அம்மாவிடம் சொல்லாதே’ என்பது மட்டும் மிஞ்சியது. ‘இப்போதைக்கு’ என்ற ஒரு சொல் பலியானதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

கோப்பு மூன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தது. சில கருவிகள் நிறத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வெள்ளையாகவே காட்டும் என்பதால், புரொஜெக்டர் அறையில் நான்கு வரிகளை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். நான்கும் நான்கு நிறத்தில் வந்தன. 

படம் தொடங்கியதும் கடைசி வரிசையில் இயக்குநருக்குப் பக்கத்தில் அமர்ந்தார். தங்கை முன்னால் இருந்தாள்; ஆனால் அவளுக்குத்தான் விடை தெரியுமே. கலர் அக்கா மற்றவர்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக் காட்சி வந்தது. தாயின் முகத்துக்குக் கீழே அந்த மஞ்சள் வரி தோன்றி மறைந்தது. இரண்டாம் வரிசைப் பெண்மணி கணவர் பக்கம் திரும்பி, திரை வெளிச்சத்தில் வேகமாகச் சைகை செய்தார்.

“என்ன சொல்றாங்க?” என்று இயக்குநர் கிசுகிசுத்தார்.

“பொண்டாட்டி வாயை எப்படி அடைக்கிறான் பாருன்னு சொல்றாங்க.”

“அடைக்கிறான்னா? பையனையா சொல்றாங்க?”

“பையனைத்தான் சார்.”

அதற்குப் பிறகுதான் கலர் அக்கா திரையைப் பார்த்தார்.